தசை நிரம்பிய பிறகு கிரியேட்டின் எங்கே போகிறது?

கிரியேட்டின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பல டப்பாக்களில் ஒரே கணக்குதான் அச்சாகியிருக்கும். முதல் ஐந்து அல்லது ஏழு நாளைக்கு, நாளொன்றுக்கு நாலு வேளை, வேளைக்கு ஒரு ஸ்கூப். அதாவது தினம் 20 கிராம். அதற்குப் பிறகு தினம் ஒரு ஸ்கூப் போதும். ஜிம்மில் இதற்கு ‘லோடிங்’ என்று பெயர். முதல் வாரத்திலேயே கால் டப்பா காலியாகிவிடும். இதில் எவ்வளவு உடம்பில் தங்குகிறது, எவ்வளவு கழிவறைக்குப் போகிறது என்ற கேள்விக்கு முப்பது வருடங்களுக்கு முன்பே துல்லியமான விடை கிடைத்துவிட்டது.

கிரியேட்டின் வெளியிலிருந்து வரும் புதுப் பொருள் அல்ல. நம் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து தினம் சுமார் ஒரு கிராம் தயாரிக்கின்றன. மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்து இன்னொரு கிராம் அளவுக்கு வரும். உடம்பிலுள்ள கிரியேட்டினில் 95 சதவீதம் தசைக்குள் இருக்கிறது. பாரம் தூக்கும்போதும் ஓட்டத்தில் பாய்ந்து கிளம்பும்போதும் முதல் சில நொடிகளுக்குத் தேவைப்படும் சக்தியை உடனடியாக ஈடுகட்டித் தருவது இதன் பாஸ்பேட் வடிவம். தசையிலுள்ள மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த வடிவத்தில்தான் இருக்கும்.

தசைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லாது. தசையையே எடுத்துப் பார்க்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலில் சிறிதாகக் கீறி, தடித்த ஊசியொன்றைச் செலுத்தி ஒரு துணுக்குச் சதையை எடுப்பார்கள். எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, ஈரம் முழுக்கப் போகும்படி உலர்த்தி, பொடியாக்கி அளப்பார்கள். இந்த ஊசி முறையை 1960களில் பரவலாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம். அவரும் எரிக் ஹல்ட்மனும் ஒரே சைக்கிளில் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒற்றைக் காலால் மிதித்து, பிறகு தங்கள் தொடைகளிலிருந்தே சதை எடுத்துப் பார்த்தவர்கள். மற்றவர்களைக் குத்துவதற்கு முன்பு தங்களைக் குத்திக்கொண்ட மனிதர்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை உண்டு.

அதே ஹல்ட்மன், ரோஜர் ஹாரிஸ், கரின் சோடர்லுண்ட் மூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் அஸ்திவாரம். பதினேழு பேருக்கு வேளைக்கு 5 கிராம் வீதம், நாளுக்கு நாலு முதல் ஆறு வேளை கிரியேட்டின் கொடுத்தார்கள். இங்கே ஓர் அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உலர்ந்த தசையில் சாதாரணமாக 120 மில்லிமோல் அளவுக்குக் கிரியேட்டின் இருக்கும். அது சிலருக்கு 150 வரை ஏறியது, சிலருக்கு 160ஐத் தொட்டது. அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் ஏறவில்லை. அதுதான் உச்சவரம்பு.

சிலரை மட்டும் தினமும் ஒரு மணி நேரம் ஒற்றைக் காலால் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சும்மா இருந்த காலில் சராசரி 118இலிருந்து 148க்கு உயர்ந்தது. மிதித்த காலிலோ 162. இரண்டு காலும் ஒரே ஆளுடையவை, குடித்த பொடியும் ஒன்று, ஓடும் ரத்தமும் ஒன்று. வேலை செய்த தசை கூடுதலாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பொடியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கும் உடற்பயிற்சி செய்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுத்தமாகக் காட்ட முடியாது.

ஏன் ஓர் எல்லை? ரத்தத்தில் கிரியேட்டின் மிகக் குறைவு. தசைக்குள் அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். ஆகவே அது தானாக உள்ளே கசிந்து போகாது. செல்லின் சுவரிலுள்ள ஒரு புரதம், சோடியத்தின் துணையோடு அதைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். செல்லுக்குள் சரக்கு கூடக்கூட இந்தப் புரதத்தின் வேகம் தணிந்துவிடுகிறது. அப்போது ரத்தத்தில் எவ்வளவு கிரியேட்டின் சுற்றினாலும் தசை கண்டுகொள்ளாது.

இப்போது கணக்குப் போடலாம். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். அவர் உடம்பில் தசை சுமார் 30 கிலோ. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்ந்த தசை என்று பார்த்தால் 7 கிலோ தேறும். 120 மில்லிமோல் என்ற சாதாரண அளவில் அவரிடம் ஏறக்குறைய 110 கிராம் கிரியேட்டின் இருக்கிறது. 150 என்ற அளவுக்கு நிரம்பினால் 137 கிராம். ஆக, அவரிடம் காலியாக இருக்கும் இடம் 27 கிராம்தான். லோடிங் என்ற பெயரில் ஐந்து நாளில் அவர் குடிப்பது 100 கிராம் பொடி. அதில் பன்னிரண்டு சதவீதம் மோனோஹைட்ரேட்டில் ஒட்டியிருக்கும் தண்ணீர். அது போக 88 கிராம் கிரியேட்டின். இருபத்தேழு கிராம் போகிற இடத்துக்கு 88 கிராம்.

மிச்சம் 60 கிராம் எங்கே போயிற்று? பெரும்பகுதி சிறுநீரில். 1992 ஆய்விலேயே அதையும் சேகரித்து அளந்தார்கள். முதல் நாள் கொடுத்ததில் 40 சதவீதம் வெளியேறியது. இரண்டாம் நாள் 61, மூன்றாம் நாள் 68. தசை நிரம்பிக்கொண்டே வருவதைச் சிறுநீரே காட்டிக்கொடுத்தது. சாதாரணமாகச் சிறுநீரகம் வடிகட்டும் கிரியேட்டினை அதுவே திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துவிடும், ஒரு துளியும் வீணாக விடாது. ஒரு ஸ்கூப் குடித்த ஒரு மணி நேரத்தில் ரத்த அளவு பல மடங்கு எகிறும்போது, அத்தனையையும் அதனால் இழுக்க முடிவதில்லை. கிரியேட்டின் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே வழிந்து போய்விடுகிறது. கொழுப்பாகச் சேராது, கல்லீரலில் தங்காது. காசுதான் நஷ்டம்.

இன்னொரு வழியும் உண்டு, அது வயிறு. ஒரே மூச்சில் பத்து கிராம் குடித்தால் குடலில் தங்கிப்போகும் கிரியேட்டின் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். வயிற்றுப்போக்கு வரலாம். லோடிங் வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். அதே அளவை ஐந்து ஐந்து கிராமாகப் பிரித்துக் குடித்தால் தொல்லை குறைகிறது.

அப்படியானால் லோடிங் வேண்டுமா? ஹல்ட்மன் குழுவே 1996இல் இதைச் சோதித்தது. ஒரு சாராருக்கு ஆறு நாள், தினம் 20 கிராம். இன்னொரு சாராருக்குத் தினம் வெறும் 3 கிராம், ஆனால் 28 நாள். இரண்டு தரப்பின் தசையும் கடைசியில் ஒரே அளவில்தான் வந்து நின்றது, சுமார் 20 சதவீத உயர்வு. முதலாமவர் செலவழித்தது 120 கிராம், இரண்டாமவர் 84. அடுத்த வாரமே போட்டி இருக்கிற வீரருக்கு அவசரம் நியாயம். வருடம் முழுக்க ஜிம்முக்குப் போகப்போகிறவருக்கு மூன்று வாரம் முன்னால் நிரம்பி என்ன ஆகப்போகிறது?

கிரியேட்டினோடு சர்க்கரை சேர்த்துக் குடித்தால் தசை அதிகம் இழுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். இன்சுலின் அந்தக் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறக்கிறது. ஆனால் 1996இல் அலிசன் கிரீனும் சகாக்களும் அதை நிரூபித்தபோது வேளைக்கு 93 கிராம் சர்க்கரைப் பொருளைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதுவும் நாளுக்கு நாலு வேளை. நம் ஊரில் அந்த யோசனையை எவருக்கும் சொல்ல மனம் வராது. மதியச் சோற்றோடு குடித்தால் போதும்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஏறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சைவ உணவுக்காரர்களின் தசையில் தொடக்க அளவே குறைவு, எனவே காலி இடம் அதிகம். அவர்களுக்கு ஏற்றமும் அதிகம். மீனும் ஆட்டிறைச்சியும் நிறையச் சாப்பிடும் ஒருவரின் தசை இயல்பாகவே 140க்குப் பக்கத்தில் இருக்கலாம். அவர் ‘ஒண்ணும் தெரியலையே மாஸ்டர்’ என்று குறைப்பட்டால், பொடி போலி என்று அர்த்தமில்லை. அவரிடம் இடமே இல்லை. ஊசி குத்தாமல் இதைத் தோராயமாக அறிய எடை மெஷினே போதும். கிரியேட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். லோடிங் செய்த முதல் வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறுவது வழக்கம். அது கொழுப்பும் அல்ல, புதுச் சதையும் அல்ல. அசைவே இல்லையென்றால், பெரும்பாலும் தசை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

நிரம்பிய தசை அப்படியே நிற்பதில்லை. அதை ஒரு குடம் என்று வைத்தால், அடியில் சிறு ஓட்டையுள்ள குடம். தினமும் இருப்பில் 1.7 சதவீதம் தானாகவே கிரியேட்டினினாக மாறி, தசையை விட்டு வெளியேறி, சிறுநீரில் போய்விடும். நம் எழுபது கிலோக்காரருக்கு முன்பு இது தினம் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. நிரம்பிய பிறகு 2.3 கிராம். வெளியிலிருந்து வரத்து இருக்கும்போது உடம்பு தன் உற்பத்தியையும் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் பராமரிப்புக்கு 3 கிராம் போதும் என்கிறார்கள். உடம்பு பெருத்தவர்களுக்கு 5 கிராம். பத்து கிராம் எடுத்துக்கொள்கிறவர் மிச்சத்தைக் கழிவறைக்குத்தான் கொடுக்கிறார். நிறுத்திவிட்டால் நாலு முதல் ஆறு வாரத்தில் அளவு பழைய இடத்துக்கு இறங்கிவிடும், உடம்பின் சொந்த உற்பத்தியும் திரும்பிவிடும்.

இந்த ஓட்டைதான் ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் குழப்பம் செய்கிறது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளப்பது இதே கிரியேட்டினினைத்தான். தசையில் இருப்பு இருபது, இருபத்தைந்து சதவீதம் கூடினால் ரத்தத்துக்கு வரும் கிரியேட்டினினும் கூடும். முன்பு 1.1 என்று வந்தவருக்கு 1.3 என்று வரலாம், அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறியும். சிறுநீரகம் பழுதாகாமலே எண் ஏறியிருக்கும். இதற்குத் தசையைச் சார்ந்திராத ‘சிஸ்டாட்டின் சி’ என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது சரியாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் பொடி குடிக்கிற விஷயத்தை டாக்டரிடம் சொல்லாமல் மறைத்தால், அவர் எண்ணை மட்டும் பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களோ, சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் அதன் அபாயத்தில் இருக்கிறவர்களோ டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. நல்ல சிறுநீரகம் வெளியேற்றும் மிச்சத்தைப் பற்றித்தான் மேலே உள்ள கணக்கெல்லாம். பழுதான சிறுநீரகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.