டீ மாஸ்டரின் டம்ளர்

எவர்சில்வர் டம்ளர் ஒன்று எத்தனை மில்லி பிடிக்கும்? நர்சிங் முதலாம் ஆண்டில் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் 150 என்றிருப்பேன். எங்கள் வார்டில் அப்படித்தான் எழுதினோம். டீ கிளாஸ் 100, டம்ளர் 150 என்று எந்தக் காலத்திலோ ஒரு சீனியர் அக்கா எழுதி ஒட்டிய தாள், சிஸ்டர் மேஜைக்கு மேலே பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வாரம் எனக்கு ஆண்கள் பொது மருத்துவ வார்டு. முதலாம் ஆண்டுக்காரிகளிடம் ஊசி தர மாட்டார்கள். படுக்கை விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது, நாடி எண்ணுவது, இவற்றோடு 'இன்டேக்-அவுட்புட் சார்ட்' எழுதுவது. நோயாளியின் உடம்புக்குள் போன நீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்கிற வரவு செலவுக் கணக்கு அது. என் பொறுப்பில் வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு டீ மாஸ்டர். நாற்பது வருடம் பாய்லர் முன்னால் நின்றவர். இப்போது இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது. கணுக்கால் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வீக்கம்.

இதயம் பலவீனமாகி, ரத்தத்தைப் போதுமான அளவு முன்னால் தள்ள முடியாத நிலை. மாரடைப்பு வேறு, இது வேறு. இதில் இதயம் நின்றுவிடுவதில்லை, இறைப்பது குறைந்துபோகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்ததும் அது, உடம்பில் நீர் வற்றிவிட்டது போலிருக்கிறது என்று தப்புக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலில் இறங்குகிறது. படுத்தால் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கிறது. அதனால்தான் நீரை வெளியேற்ற லாசிக்ஸ் ஊசி போடுகிறார்கள். குடிப்பதற்கும் ஒரு எல்லை வைக்கிறார்கள். இவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லி.

நான்காம் நாள் காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் என் சார்ட்டைப் பார்த்தார். உள்ளே 1,000, வெளியே 1,300. உடம்பிலிருந்து 300 மில்லி குறைந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே அன்று காலை எடுத்த எடை இருந்தது. முந்தின நாள் 61 கிலோ, இன்று கிட்டத்தட்ட 62. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஒரே ராத்திரியில் யாருக்கும் ஒரு கிலோ சதை போடாது.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எடை மெஷின் பழசு சார் என்று முனகினேன். மாணவிகள் எல்லோருமே சொல்லும் பதில்தான் அது. அவர் பதில் சொல்லாமல் தானே மெஷின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, லாசிக்ஸைக் கூட்டுவதை மதியம் வரை நிறுத்தி வைக்கச் சொல்லிப் போனார். சார்ட்டை நம்பினால், குறைவாகக் குடித்தும் எடை ஏறுகிறது, மருந்து போதவில்லை என்றுதான் அர்த்தம். அப்படி நினைத்து மருந்தைக் கூட்டினால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகமும் அடிபடலாம். என் பேனாவில் வரும் ஒரு எண்ணுக்கு அவ்வளவு தூரம் நடக்கிற கால் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

டீ மாஸ்டரின் கட்டிலருகே போய் நின்றேன். முகம் என்னவோ போலிருந்திருக்கும்.

"என்ன பாப்பா, கணக்கு இடிக்குதா?"

"ஐயா, நேத்து நான் கேட்டப்போ தண்ணி நாலு டம்ளர்னுதானே சொன்னீங்க?"

"நாலுதான். பொய் சொல்லல. ஆனா எந்த டம்ளர்னு நீ கேக்கலியே."

தலைமாட்டு அலமாரியிலிருந்து அதை எடுத்து நீட்டினார். வீட்டிலிருந்து அவர் மனைவி கொண்டுவந்த டம்ளர். உயரமானது, வாய் அகன்றது, அடியில் யாருடைய கல்யாணத்துக்கோ வந்ததற்கான பெயர் பொறித்தது.

"நூத்தம்பதுன்னு எழுதினியா? எடுத்துட்டு வா ஒரு அளவு" என்றார்.

வார்டில் அளவு ஜாடி ஒன்று உண்டு. ஆனால் அது சிறுநீர் அளக்கிற ஜாடி, அதைத் தொட மனம் வரவில்லை. காலியான 500 மில்லி சலைன் பாட்டில் ஒன்று கிடைத்தது. அதில் நூறு நூறாகக் கோடு உண்டு. டம்ளரை விளிம்பு வரை நிரப்பி அதில் கவிழ்த்தேன். 250-இல் வந்து நின்றது.

"கடையில நாங்க கண்ணாலயே சொல்வோம்" என்றார். "ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை கிளாஸ் வரணும்னு கணக்கு இருக்கு. ரெண்டு கிளாஸ் குறைஞ்சா சாயந்திரம் முதலாளி கேப்பாரு. கிளாஸ் புதுசா வாங்கினா மொத வேலை, பழைய கிளாஸ்ல தண்ணி புடிச்சு இதுல ஊத்திப் பாக்கறதுதான். பாக்க ஒரே மாதிரி இருக்கும்; அடி கனமா இருந்தா புடிக்கறது கம்மி."

நாற்காலியை இழுத்துப் போட்டு நேற்றைய நாளை மறுபடி எழுதினோம். இந்த முறை 'தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள்' என்று நான் கேட்கவில்லை. எழுந்ததிலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலையில் டீ 100, ஆஸ்பத்திரி கப்பில் பால் 150. இரண்டும் சரி. தண்ணீர் நாலு டம்ளர், 600 இல்லை, 1,000. மோரும் அதே டம்ளரில்தான், ஆக 150 இல்லை, 250. இதற்கே 1,500 ஆகிவிட்டது. அப்புறம் மாத்திரை. மூன்று வேளையும் மாத்திரை விழுங்க ஒரு வாய் என்று குடித்த தண்ணீர், வேளைக்கு நூறாவது இருக்கும். மருந்தோடு போனதால் அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 300. காலையில் கஞ்சி.

"கஞ்சி சாப்பாடுதானே பாப்பா? சாப்பிட்டேன்னுதான் சொல்லுவோம், குடிச்சேன்னா சொல்லுவோம்?"

என் சார்ட்டில் அது 'உணவு' என்ற கட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நீர்த்த கஞ்சி, 300 மில்லிக்குக் குறையாது. ராத்திரி ரசத்தைத் தனியாக வாங்கிக் குடித்தது 150. கூட்டினால் 2,250. வெளியே போன 1,300-ஐக் கழித்தால் 950 மில்லி உடம்பிலேயே தங்கியிருக்கிறது. மெஷின் காட்டிய ஏறக்குறைய ஒரு கிலோவும் இதுதான்.

இட்லியிலும் சோற்றிலும்கூட நீர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதேபோல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இரண்டையும் அளக்க முடியாது. ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று இரண்டையும் விட்டுவிடுகிறோம். காய்ச்சல் அடித்தாலோ, சித்திரை வெயிலில் ஃபேன் நின்றாலோ இந்தச் சமாதானம் உடைந்துபோகும். அதனால்தான் சார்ட் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் எடையையும் பார்க்கிறோம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில், ஏறக்குறைய அதே துணியோடு. இந்த ஒழுங்கு தவறினால் எடையும் பொய் சொல்லும். காலில் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதும் உதவும். ஆனால் சில லிட்டர் சேர்ந்த பிறகே அந்தக் குழி தெரியும். எடை அதற்கு முன்பே காட்டிவிடும்.

எங்கள் ட்யூட்டர் மேடம் மதியம் வந்து அந்த சலைன் பாட்டிலையே கையில் எடுத்து இன்னொன்று சொல்லிக்கொடுத்தார். அதில் அரை லிட்டருக்கு நாலரை கிராம் உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஒத்த அளவு அது. உடம்பு அந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது. வெளியேற்ற முடியாத 9 கிராம் உப்பு உள்ளே போனால், அதைக் கரைத்து வைக்க ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்கும். அந்தக் கேட்பதற்குப் பெயர்தான் தாகம். டீ மாஸ்டர் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டது எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாயைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்காதே என்று சொல்வது நடக்கிற காரியமில்லை.

வீட்டுக்குப் போனால் யார் சார்ட் எழுதுவது என்ற கேள்விக்கு வழி சொன்னவரும் அவரே. கடையில் காலையில் சரக்கை அளந்து வைப்பது போல, ஒரு லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்துவிடுவது. குடிக்கும் தண்ணீர், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதிலிருந்துதான். வேறு எது குடித்தாலும், டீயோ மோரோ கஞ்சியோ, அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய சரக்கு தீர்ந்தது. கூட்டல் கிடையாது, எழுத்து கிடையாது. பாடப்புத்தகத்தில் இப்படியொரு முறை இருப்பதைப் பின்னால்தான் படித்தேன்.

இதைப் படித்துவிட்டு இதய நோயாளிகள் எல்லோரும் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 2025-இல் வெளியான 'ஃப்ரெஷ்-அப்' என்ற நெதர்லாந்து ஆய்வில், நிலைமை சீராக இருந்து வெளிநோயாளியாக வந்துபோகிறவர்களுக்கு ஒன்றரை லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்தும் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை; தாகத்தின் தொல்லைதான் கூடியது. எங்கள் டீ மாஸ்டர் போல மூச்சுத் திணறி வார்டில் சேர்ந்தவர்களின் கதை அதில் இல்லை. இருவருக்கும் பொதுவானது எடை மெஷின். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், காலில் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

லாசிக்ஸ் கூட்டப்படவில்லை. ஊறுகாய் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அடுத்த ஆறு நாளில் எடை 56-க்கு இறங்கியது, தலையணை ஒன்றானது. டிஸ்சார்ஜ் அன்று அந்த சலைன் பாட்டிலைக் கேட்டார். அது ஆஸ்பத்திரிக் கழிவு, வெளியே போகக்கூடாது என்று வார்டு சிஸ்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி வெளியே போய் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தார். டீ மாஸ்டர் ஆணி ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் கோடு கீறத் தொடங்கினார்.

நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனேன். உயரத்தைப் பத்தாகப் பிரித்துக் கொடுக்கலாமே என்று. அவர் ஸ்கேலை வாங்கவே இல்லை. விளிம்பு வரை 100 மில்லி பிடிக்கிற டீ கிளாஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு கிளாஸ் ஊற்றுவார், தண்ணீர் நின்ற இடத்தில் கீறுவார், அடுத்த கிளாஸ் ஊற்றுவார்.

"பாட்டிலுக்கு நடுவுல இடுப்பு இருக்கு, பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். இடுப்பருகே கோடுகள் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன.