ஒற்றைத் தலைவலியில் வெளிச்சம் ஏன் வலிக்கிறது? கறுப்புக் கண்ணாடி உதவுமா?

பாகாலா ரயில் நடைமேடையின் வெயில் ஒற்றைத் தலைவலிக்காரருக்கு ஏன் மண்டைக்குள் குத்துகிறது? கண் கூசுவதால் என்பீர்கள். ஆனால் உருவம் தெரியாமல் வெளிச்சத்தை மட்டும் உணரும் பார்வையற்றோருக்கும் வலி கூடுவதை பாஸ்டன் ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். பகலிரவை அறிய உதவும் விழித்திரைச் செல்கள் சில நீல ஒளியில் கிளர்கின்றன. அவற்றின் செய்தியும் மூளையுறையின் வலிச்செய்தியும் தலாமஸில் ஒரே நரம்புச் செல்லில் சேர்கின்றன, நிரம்பிய வாய்க்காலில் இன்னொரு மடையைத் திறந்தாற்போல.

அப்படியென்றால் கறுப்புக் கண்ணாடி போதாதா? வெயிலில் சரி. வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டேயிருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கழற்றும்போது சாதாரண விளக்கும் கூசும். நீலப்பச்சை ஒளியைக் குறைக்கும் இளஞ்சிவப்பு எஃப்எல்-41 கண்ணாடி சிலருக்கு உதவுகிறது, ஆய்வுகள் சிறியவைதான். கண் கூச்சத்தோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.