ஸ்பீக்கர் கிழியவில்லை, ஒலி தாமதமாகிறது

லேப்டாப்பில் பாட்டு ஓடும்போது இடையிடையே ‘பட் பட்’ என்று வெடித்தால், ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடைக்கு எடுத்துப் போவதற்கு முன், வெடித்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், குறிப்பாக தவில் போன்ற கனத்த ஒலியில் அதிர்ந்து, ஹெட்போனில் சுத்தமாகக் கேட்டால் கோளாறு ஸ்பீக்கரில். இடம் மாறி மாறி வெடித்து, வயர் ஹெட்போனிலும் அப்படியே கேட்டால், ஸ்பீக்கரை மாற்றிப் பயனில்லை.

விண்டோஸ் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகத்தான் அனுப்புகிறது. ஒரு துண்டு பெரும்பாலும் 10 மில்லி விநாடி. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு துண்டில் 480. அடுத்த துண்டு நேரத்துக்கு வரவில்லையென்றால் அலை சட்டென்று அறுந்து போகும். அந்த அறுபடும் இடம்தான் நம் காதில் வெடிப்பாக விழுகிறது.

துண்டு ஏன் தாமதமாகிறது? வைஃபை, கிராபிக்ஸ் போன்ற கருவிகளின் டிரைவர்களுக்கு, எந்தச் செயலியையும் நிறுத்தி வைத்துவிட்டுத் தங்கள் வேலையை முடித்துக்கொள்ளும் உரிமை உண்டு. நன்றாக எழுதிய டிரைவர் கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு பங்குகூட எடுக்காமல் விலகிவிடும். மோசமான டிரைவர் பல மில்லி விநாடி பிடித்துக்கொள்ளும். Task Manager-இல் பிராசசர் பத்து சதவீதம்கூட வேலை செய்யாதபோதும் ஒலி வெடிப்பது இதனால்தான். எனவே ரேம் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது.

குற்றவாளியைப் பிடிக்க LatencyMon என்ற மென்பொருள் உதவும். பாட்டை ஓடவிட்டு, சில நிமிடம் அதையும் ஓடவிடுங்கள். அதிக நேரம் எடுத்த கோப்பு ndis.sys என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். அது விண்டோஸின் பொது நெட்வொர்க் கோப்பு. அதன் மேல் கை வைக்கக் கூடாது. வைஃபையை அணைத்துப் பாருங்கள். வெடிப்பு நின்றுவிட்டால் சிக்கல் வைஃபை டிரைவரில். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். புதிய டிரைவர் வந்தபின்தான் தொல்லை தொடங்கியது என்றால், Device Manager-இல் Roll Back Driver கொடுத்துப் பழையதற்கே திரும்பலாம்.

சார்ஜர் செருகியிருக்கும்போது சுத்தமாகவும், பேட்டரியில் மட்டும் வெடிப்பாகவும் கேட்டால் மின்சேமிப்பைச் சந்தேகிக்க வேண்டும். பிராசசர் வேகத்தைக் குறைத்து அடிக்கடி உறங்கப் போகிறது; விழித்து வேகமெடுக்கச் சற்று நேரமாகிறது. Settings-இல் Power mode-ஐ Best performance என மாற்றிக் கேளுங்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், சூடும் ஏறும். ஆகவே காரணத்தைக் கண்டறிய இது நல்ல வழி. நாள் முழுவதும் அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

பாட்டு தொடங்கும்போதும் நின்றபின்னும் மட்டும் ஒரு ‘டப்’ கேட்பது வேறு கதை. ஒலி இல்லாதபோது ஆடியோ சிப் உறங்கி, ஒலி வந்ததும் விழிப்பதன் சத்தம் அது. அதற்கு LatencyMon எதையும் காட்டாது. ஆடியோ டிரைவரின் மின்சேமிப்பைத்தான் பார்க்க வேண்டும்.