கண் வரைபடம்: ஒரு பிட்டை எந்தக் கணத்தில் படிப்பது?

கணினியின் தாய்ப்பலகையில் ஒரு வரைகலை அட்டையைச் செருகுகிறோம். அட்டைக்கும் செயலிக்கும் நடுவே தகவல் ஓடுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் தொடர் இணைப்பின் வழியாக. அதன் முதல் தலைமுறையில் ஒவ்வொரு இணைக்கம்பியிலும் நொடிக்கு 250 கோடி பிட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. அதாவது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 400 பைக்கோ செகண்ட். இந்த நேரத்தில் ஒளிகூட வெற்றிடத்தில் 12 செண்டிமீட்டர்தான் நகரும்.

இந்த 400 பைக்கோ செகண்டுக்குள் பெறும் சில்லு ஒரே ஒரு கணத்தில் மின்னழுத்தத்தைப் பார்த்து, வந்தது ஒன்றா பூஜ்யமா என்று முடிவு செய்ய வேண்டும். 'இப்போது பார்' என்று சொல்லும் கடிகாரத் துடிப்பு தகவலோடு சேர்ந்து தனிக் கம்பியில் வருவதில்லை. பெறும் சில்லு தானாகவே அந்தக் கணத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். தவறான கணத்தைத் தேர்ந்தால் பிட்டுகள் பிழையாகும். பிழையான பொட்டலத்தை இணைப்பு கண்டுபிடித்து மறுபடியும் கேட்டு வாங்கிவிடும். ஆகவே கணினி நிற்காது. வேகம் மட்டும் காரணம் தெரியாமல் குறையும்.

கம்பியில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் படம்தான் கண் வரைபடம். ஆசிலாஸ்கோப்பில் வரும் நீண்ட அலையை ஒரு பிட் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, எல்லாத் துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பது அது. ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் கோடுகளும், பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு ஏறும் கோடுகளும் இரு பக்கமும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். நடுவில் எந்தக் கோடும் போகாத ஒரு வெற்றிடம் கண் வடிவில் திறந்திருக்கும். கண்ணின் உயரம், இரைச்சல் எவ்வளவு வந்தாலும் தாங்கலாம் என்பதைச் சொல்கிறது. கண்ணின் அகலம், கடிகாரம் எவ்வளவு தடுமாறினாலும் தாங்கலாம் என்பதைச் சொல்கிறது.

கண் ஏன் சுருங்குகிறது? நீண்ட கம்பி, வேகமான மாற்றங்களை மெதுவான மாற்றங்களைவிட அதிகமாக விழுங்குகிறது. ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் மின்னழுத்தம் உச்சிவரை ஏறி உட்கார்ந்துவிடும். அடுத்து வரும் பூஜ்யம் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்க வேண்டியிருப்பதால் நடுக்கோட்டைத் தாமதமாகவே கடக்கும். மாறாக ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும்போது அலை உச்சிக்கே போவதில்லை; எனவே சீக்கிரம் கடந்துவிடும். ஆக, மாறும் விளிம்புகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறுகின்றன. இதைத்தான் நடுக்கம் என்கிறோம்.

இனி, பெறும் சில்லு தன் கணத்தை எப்படித் தேடுகிறது என்று பார்ப்போம். அதற்கு ஆசிலாஸ்கோப் கிடையாது; கண்ணை அது பார்ப்பதே இல்லை. 1975-ல் ஜே. டி. எச். அலெக்சாண்டர் 'எலெக்ட்ரானிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் ஓர் எளிய வழியை வெளியிட்டார். இன்றும் பல சில்லுகளில் அதன் சாயலே இயங்குகிறது.

ஒரு பிட்டின் நடுவில் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அரைப் பிட் நேரம் கழித்து, விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது மாதிரி. இன்னும் அரைப் பிட் கழித்து, அடுத்த பிட்டின் நடுவில் மூன்றாவது. முதலும் மூன்றும் ஒன்றாக இருந்தால் விளிம்பே வரவில்லை. அதிலிருந்து ஒன்றும் தெரியாது. இரண்டும் வேறாக இருந்தால் நடு மாதிரியைப் பார்க்க வேண்டும். அது முதல் மாதிரியை ஒத்திருந்தால், விளிம்பு வருவதற்கு முன்பே பார்த்துவிட்டோம். கடிகாரத்தைச் சற்றுத் தள்ளிப்போட வேண்டும். மூன்றாவதை ஒத்திருந்தால், விளிம்பு போன பிறகு பார்த்திருக்கிறோம். கடிகாரத்தை முன்னே இழுக்க வேண்டும். இப்படியே திருத்திக்கொண்டு போனால், 'முன்பு', 'பின்பு' என்னும் தீர்ப்புகள் சரிபாதியாகும் இடத்தில் கடிகாரம் நிலைகொள்ளும்.

இந்தத் திருத்தம் ஓயக்கூடாது. பிசிஐ எக்ஸ்பிரஸில் இரு முனைகளின் கடிகாரங்களும் ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு 300 பங்கு வரை விலகலாம். மோசமான நிலையில் இருவருக்கும் வேறுபாடு 600 பங்கு. அது பிட்டுக்கு 0.24 பைக்கோ செகண்ட் நழுவல். திருத்தாமல் விட்டால் சுமார் 830 பிட்டுகளில் அரைப் பிட் நழுவி, மாதிரி எடுக்கும் கணம் விளிம்பின் மேலேயே போய் நிற்கும். இதனால்தான் முதல் தலைமுறையில் எட்டு பிட்டுகளைப் பத்தாக மாற்றி அனுப்புகிறார்கள். அந்தக் குறியீட்டில் ஒரே மதிப்பு ஐந்து முறைக்கு மேல் தொடர்ந்து வராது, விளிம்புகளுக்குப் பஞ்சமிருக்காது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அலெக்சாண்டரின் முறை, விளிம்புகளில் பெரும்பான்மை எங்கே இருக்கிறது என்றே எண்ணுகிறது. பிழையை உண்டாக்குவதோ ஓரங்களில் நிற்கும் சிறுபான்மை. நீண்ட தொடருக்குப் பின் வரும் தாமத விளிம்புகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் வெகுதூரம் தள்ளி விழுபவை அவையே.

கணக்குக்காக ஓர் இணைப்பை வைத்துக்கொள்வோம். ஒரு பிட் நேரத்தை 64 படிகளாகப் பிரிக்கிறோம். ஒரு படி 6.25 பைக்கோ செகண்ட். விளிம்புகளின் நடுவிடம் 0-வது படி, அடுத்த விளிம்பு 64-வது. கடிகாரம் தன் வழக்கப்படி 32-ல் மாதிரி எடுக்கிறது. சில சில்லுகளில் இதற்கென்றே இன்னொரு மாதிரி எடுப்பான் உண்டு. அதை ஒவ்வொரு படியாக நகர்த்தி, முதன்மை எடுப்பானோடு எத்தனை முறை முரண்படுகிறது என்று எண்ணலாம். முரண்பாடு 20-வது படி முதல் 52-வது வரை இல்லை என்று கண்டால், கண் திறந்திருப்பது அங்கே மட்டும்தான். 32-ல் நின்றால் இடப்பக்கம் 12 படி, வலப்பக்கம் 20 படி. அதாவது 75, 125 பைக்கோ செகண்ட். இணைப்பின் பாதுகாப்பு இரண்டில் சிறியதான 75 தான். நான்கு படி தள்ளி 36-ல் நின்றால் இருபுறமும் 100 கிடைக்கிறது. கம்பியையோ அனுப்பும் சில்லையோ தொடாமல் கிடைத்த லாபம் இது.

இந்த அளவீட்டை நம்புவதற்கும் எல்லை உண்டு. 'முரண்பாடு இல்லை' என்பது எவ்வளவு நேரம் எண்ணினோம் என்பதைப் பொறுத்தது. லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழைக்கும் குறைவு என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, ஏறக்குறைய 3 லட்சம் கோடி பிட்டுகளைப் பிழையின்றிப் பார்க்க வேண்டும். ஒரு படிக்கு 20 நிமிடம். 64 படிக்கு 21 மணி நேரத்துக்கும் மேல். எனவே சில நொடிகள் மட்டும் எண்ணிவிட்டு, பிழை குறையும் வேகத்தைக் கொண்டு மிச்சத்தைக் கணிக்கிறார்கள். தற்செயலான நடுக்கத்துக்கு அந்தக் கணிப்பு பொருந்தும். அருகிலுள்ள மின்வழங்கி எப்போதோ ஒருமுறை கிளப்பும் இரைச்சலை அது காணாது. ஆசிலாஸ்கோப் திரையில் சில நொடிகளில் தெரியும் அகலமான கண்ணுக்கும் இதே குறை உண்டு.

மேலும், ஒப்பீட்டுக்கு அளவுகோல் முதன்மை எடுப்பானே. கண் முழுவதும் மூடி, அதுவே தவறாகப் படித்தால், இருவரும் ஒருமித்துத் தவறுவதை எந்த எண்ணிக்கையும் காட்டாது. அப்போது அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் முன்கூட்டியே தெரிந்த பிட் வரிசையை அனுப்பி ஒப்பிடுவதே வழி. அதிலும் பிழை வந்தால் கணத்தை நகர்த்திப் பயனில்லை. கம்பி விழுங்கியதை ஈடுசெய்து, மூடிய கண்ணை முதலில் திறந்தாக வேண்டும்.