படிகமாக நேரமில்லாத உலோகம்

1960-இல் கால்டெக்கில் போல் டுவேயின் குழு, உருகிய தங்க-சிலிக்கான் கலவையை நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்தது. அணுக்கள் வரிசையில் அமர நேரமே கிடைக்கவில்லை. திரவத்தில் இருந்த ஒழுங்கின்மையோடு அப்படியே உறைந்தன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் படிகத்துக்குரிய கூர்மையான கோடுகளுக்குப் பதிலாக மங்கலான வளையம் தெரிந்தால், அது உலோகக் கண்ணாடி.

சாதாரண உலோகம் எண்ணற்ற சிறு படிகங்களின் தொகுப்பு. அவற்றுக்கிடையே எல்லைகள் உண்டு; உள்ளே அணு வரிசைப் பிழைகளும் உண்டு. இழுத்தால் அந்தப் பிழைகள் எளிதில் நகர, உலோகம் நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. கண்ணாடி உலோகத்தில் படிகங்களே இல்லை. எனவே எல்லைகளும் இல்லை, நகரும் பிழைகளும் இல்லை. மீள்தன்மை உயர்வதற்கு முதன்மைக் காரணம் பின்னதுதான் என்பேன். இங்கே உருமாற்றம் தொடங்க, அணுக்கூட்டம் ஒன்று சேர்ந்தே இடம்பெயர வேண்டும். அதற்குப் பெரும் விசை தேவை.

சிர்கோனியம் சார்ந்த ‘விட்ரலாய்’ கலவையில் ஒரு மீட்டர் கம்பி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீண்டும் பழைய அளவுக்குத் திரும்பும். கட்டுமான எஃகோ ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டினாலே திரும்பாது.

ஆனால் எல்லை மீறினால் உருமாற்றம் முழுவதும் மெல்லிய சறுக்குப் பட்டைகளில் குவிகிறது. அவற்றைத் தடுக்கப் படிக எல்லைகள் இல்லாததால், இழுவிசையில் இது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும்.