வேலையில் சேர்ந்த பிறகும் லேபிள் வரையலாமா? ஆஃபர் லெட்டர் பற்றிச் சில குறிப்புகள்

காரியாபட்டியில் என் அக்கா மகள் வீட்டில் இருந்தே டிசைன் வேலை பார்க்கிறாள். சிவகாசி ஆஃப்செட் பிரஸ்களுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள், அப்புறம் ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வந்ததிலிருந்து மார்கழி வரைக்கும் காலண்டர். போன மாதம் மதுரையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து அவளுக்கு ஆஃபர் வந்தது. ஆப்களுக்குத் திரை வடிவமைக்கும் வேலை. சம்பளம் நல்ல சம்பளம்தான். "மாமா, இதுல ஏதோ கண்டிஷன் போட்டிருக்காங்க. கையெழுத்துப் போட்டா லேபிள் வேலைய விட்டுடணுமா?"னு பிடிஎஃப்பை அனுப்பினாள். அதைப் படித்தபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

அவள் 'ஒரு கண்டிஷன்' என்றது உண்மையில் மூன்று. முதலாவது, வேலையில் இருக்கும்வரை கம்பெனியின் முன் எழுத்து அனுமதி இல்லாமல் வேறு எந்தத் தொழிலிலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக்கூடாது. இரண்டாவது, வேலையை விட்டபின் 12 மாதம் கம்பெனியின் வாடிக்கையாளர் யாருக்கும் சேவை செய்யக்கூடாது. மூன்றாவது வேறொரு பக்கத்தில் தனியாக இருந்தது: பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் படைப்புகள் அனைத்தும் கம்பெனிக்கே சொந்தம்.

முதல் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நம் நாட்டுச் சட்டத்தில் ரெண்டுக்கும் கதி வேற. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒரு வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்கிறவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. இங்கிலாந்தில் தடை 'நியாயமானதா' என்று பார்ப்பார்கள். நம் பிரிவின் பொது விதியில் அந்தச் சொல்லே கிடையாது.

ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கு நீதிமன்றம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. 1967-இல் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. செஞ்சுரி ஸ்பின்னிங் ஆலையில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் அவர். டயர் நூல் தயாரிப்பில் பயிற்சி பெற்று, பாதியிலேயே கிளம்பி, கோட்டாவில் இருந்த போட்டி ஆலையில் சேர்ந்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே மாதிரி வேலையை வேறிடத்தில் செய்யக்கூடாது என்ற தடையை நீதிமன்றம் உறுதி செய்தது. பணிக்காலத்துக்குள் உள்ள தடையை வேலை முடிந்தபின் வரும் தடையோடு சேர்த்துப் பார்க்க முடியாது என்பதுதான் அடிப்படை.

வேலை முடிந்தபின் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த முகமே இருக்கிறது: பந்துவீச்சாளர் ஜாகீர் கான். விளம்பர வேலைகளைக் கவனிக்க ஒரு ஏஜென்சியோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருந்தார். அது முடிந்தபின் வேறு ஏஜென்சிக்குப் போகுமுன், வந்த ஆஃபரை முதலில் எங்களுக்குக் காட்டணும் என்று அதில் ஒரு விதி. காலம் முடிந்த பிறகு அந்த விதி 27-வது பிரிவின்படி நிற்காது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படிப் பார்த்தால் அவள் முதலில் கவலைப்பட வேண்டியது '12 மாதம்' என்ற பயமுறுத்தும் வரியைப் பற்றி இல்லை, சாதுவாக இருக்கும் முதல் வரியைப் பற்றித்தான். சம்பளம் வாங்கும் ஒவ்வொரு நாளும், நோட்டீஸ் பீரியட் உட்பட, அது உயிரோடு இருக்கும். 'மறைமுகமாக' என்ற ஒரு சொல்லையும் கவனிக்கணும். "அம்மா பேர்ல பில் போட்டுக்கறேன் மாமா"ன்னாள். அந்தச் சொல் இருப்பதே இதற்காகத்தான்.

அதுக்காக 12 மாத வரியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. செல்லாத விதியை வைத்தும் ஒரு கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்கலாம். ஜெயிக்கிற வழக்காக இருந்தாலும் செலவு நம்முடையது. கம்பெனி ரகசியங்களை வெளியே சொல்லக்கூடாது என்ற கடமையும் தனி. வேலையை விட்டபிறகும் அது தொடரும்.

எனக்கு உண்மையாகவே பயம் தந்தது மூன்றாவது வரி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்குத்தான் முதலாளி முதல் உரிமையாளர். ராத்திரி வீட்டில் சொந்த லேப்டாப்பில் வரைந்த மத்தாப்பு லேபிள் அதில் வராது. ஆனால் 'அனைத்தும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், கம்பெனி அதையும் கேட்க வழி திறந்துவிடுகிறது. பிரஸ்காரர் அந்த லேபிளைப் பட்டாசு ஆலைக்குக் கொடுக்கிறார், ஆலை அதை வருஷக்கணக்காகப் பெட்டியில் ஒட்டுகிறது. அந்தப் படம் யாருடையது என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் மாட்டுவது அவள் மட்டும் இல்லை.

இதை ரெக்ரூட்டரிடம் கேட்கச் சொன்னேன். போனில் கேட்டாள். "அதெல்லாம் ஸ்டாண்டர்ட் கிளாஸ் மேடம், யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னு பதில் வந்தது. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பதிலுக்கு மதிப்பும் இல்லை. அவர் வெளி கன்சல்டன்சி ஆள், ஆள் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன். கம்பெனி சார்பில் விதியைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் கிடையாது. போதாததுக்கு, இந்த ஆவணத்துக்கு வெளியே சொன்ன எதுவும் செல்லாது என்று ஆஃபரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வேறு.

அதனால் மெயில் போட்டாள். சாரம் இதுதான்:

"வணக்கம். சிவகாசி அச்சகங்களுக்கு லேபிள், காலண்டர் டிசைன் செய்து வருகிறேன். அச்சகங்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது. அலுவலக நேரத்துக்கு வெளியே, என் சொந்தக் கணினியில், இதைத் தொடர எழுத்து அனுமதி தர முடியுமா? 12 மாதத் தடை, நான் நேரடியாக வேலை செய்த வாடிக்கையாளர்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா? இந்த லேபிள் படைப்புகள் உரிமை விதியிலிருந்து விலக்கப்படுமா? ஹெச்ஆரில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் பதில் தந்தால் நல்லது. அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரின் நகலையும் முன்கூட்டியே பார்க்க விரும்புகிறேன்."

கடைசி வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். பல இடங்களில் ஆஃபர் லெட்டர் இரண்டு பக்கம்தான் இருக்கும், முழு விதிகளும் சேரும் நாளில் ஆர்டரோடுதான் வரும். அதற்குள் பழைய வேலையை விட்டிருப்போம், கிளையண்ட்டிடமும் சொல்லியிருப்போம். அப்புறம் எங்கே பேரம் பேசுவது?

'பார்ட் டைம் வேலை செய்யலாமா?' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் 'பாலிசிப்படி அனுமதி இல்லை' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். 2022-இல் போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ வெளியேற்றியதிலிருந்து ஹெச்ஆர்காரர்களுக்கு அந்தச் சொல்லே அலர்ஜி. அதே வருடம் இன்ஃபோசிஸ், முன் அனுமதியோடும் போட்டி நிறுவனங்களுக்கு இல்லாமலும் வெளி வேலை செய்யலாம் என்றது. அனுமதி கிடைக்கும் இடம் இந்த இடைவெளிதான். பட்டாசு லேபிள் எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் போட்டி இல்லை.

ஆறு நாள் கழித்து ஹெச்ஆர் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. பட்டியலில் உள்ள அச்சகங்களுக்குத் தொடரலாம், புதிதாக ஒன்றைச் சேர்த்தால் சொல்லணும். 12 மாதத் தடை, அவள் கடைசி ஒரு வருடத்தில் நேரடியாக வேலை செய்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும். உரிமை விதி பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மௌனத்தைச் சம்மதம்னு எடுத்துக்காதே என்று திரும்ப எழுதச் சொன்னேன். ரெண்டாவது மெயிலுக்கு, 'கம்பெனி வேலைக்குத் தொடர்பில்லாத, கம்பெனி சாதனம் பயன்படுத்தாத படைப்புகள் நீங்கலாக' என்ற திருத்தத்தோடு ஒரு பக்க இணைப்பு வந்தது, கையெழுத்தும் சீலும் போட்டு. அதை ஆர்டரோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறாள். மெயில்களையும் கம்பெனி ஐடியில் விடாமல் சொந்த ஐடிக்கு அனுப்பி வைத்துக்கொண்டாள். வேலையை விடும் அன்றைக்கே ஆபீஸ் மெயிலை மூடிவிடுவார்கள், அந்தக் கடிதம் தேவைப்படுவது அதற்கப்புறம்தான்.