வினாத்தாள் முதலில், பேச்சு அப்புறம்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நின்று, "ஓடிபியை யாரிடமாவது சொல்லலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "கூடாது சார்!" என்று கூரை அதிரும். இணையப் பாதுகாப்பு முகாம் நடத்தப் போகிற என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு அந்த இடத்திலேயே ஒரு சந்தேகம் வரும்: இவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே, நாம் எதற்கு வந்தோம்? பெரும்பாலும் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட்டு, தயாரித்து வந்த ஸ்லைடுகளை ஓட்டி, கடைசியில் அதே கேள்வியைக் கேட்டு, அதே சத்தத்தை வாங்கிக்கொண்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

அந்தக் கேள்வி எதையும் அளக்கவில்லை. "கூடாது" என்பதுதான் பெரியவர்கள் எதிர்பார்க்கும் பதில் என்பது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. ஆனால் உண்மையான அழைப்பு அப்படி வருவதில்லை. அதில் ஓடிபி என்ற வார்த்தையே இருக்காது. "பாப்பா, இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு, அதைக் கொஞ்சம் படிம்மா" என்றுதான் வரும். இந்த வாக்கியத்தைக் கேட்டதும் 'இதுதான் அந்த ஓடிபி' என்று பிள்ளைக்குப் பொறி தட்டுகிறதா? அளக்க வேண்டியது அதைத்தான்.

ஆகவே முகாமுக்குத் திட்டமிடும்போது முதலில் எழுத வேண்டியது வினாத்தாள். பேச்சும் போஸ்டரும் அதற்குப் பிறகு. நாற்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு அல்லது மூன்று பழக்கங்களைத்தான் மாற்ற முடியும். அம்மா அப்பாவின் போனில் வரும் அழைப்பு, விளையாட்டில் 'இலவச டயமண்ட்' என்று வரும் லிங்க், போட்டோ கேட்கும் புது நண்பர் என்று மூன்றை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி, மொத்தம் ஆறு. கணினி வைரஸ், பாஸ்வேர்ட் நீளம், டிஜிட்டல் கைது, போலிச் செய்தி என்று எல்லாவற்றையும் ஒரே மணியில் கொட்டுகிற முகாம்களில் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு பொதுவான பயம்தான்.

கேள்வியை ஒரு சம்பவமாக எழுத வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று:

"அம்மா அடுப்படியில் இருக்கிறார். அவருடைய போன் உன் கையில். ஒருவர் கூப்பிட்டு, 'பேங்க்ல இருந்து பேசுறேன் பாப்பா, அம்மாவோட கார்டு இன்னிக்கு பிளாக் ஆயிடும், இப்ப வந்த நம்பரைப் படி' என்கிறார். நீ என்ன செய்வாய்?" இதற்கு விடைகள்: 'எந்த பேங்க் என்று கேட்பேன், சரியாகச் சொன்னால் நம்பரைப் படிப்பேன்', 'நம்பரைப் படித்துவிட்டு உடனே அம்மாவிடம் சொல்வேன்', 'எதையும் படிக்காமல் போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்வேன்', 'தெரியவில்லை'.

தவறான விடைகள் இரண்டும் புத்திசாலித்தனமாகத் தோன்றுவதைக் கவனியுங்கள். முதல் விடையை எழுதும் பிள்ளை தான் சோதித்துப் பார்த்துவிட்டதாக நினைக்கிறது. ஏமாற்றுகிறவனுக்கு பேங்க் பெயர் முன்பே தெரிந்திருக்கும் என்பது அதற்குத் தெரியாது. "உடனே சொல்லிவிடுவேன்" என்று அசட்டுத்தனமான விடையை மட்டும் வைத்தால் ஒரு பிள்ளையும் அதைத் தொடாது. எல்லோரும் முதல் சுற்றிலேயே முழு மதிப்பெண் வாங்கிவிட்டால், இரண்டாம் சுற்றில் ஏறுவதற்கு இடமே இருக்காது. 'தெரியவில்லை' என்பதும் வேண்டும். இல்லாவிட்டால் தெரியாத பிள்ளையும் குத்துமதிப்பாக ஒன்றை டிக் செய்யும், மூன்றில் ஒரு தடவை அது சரியாகவும் அமைந்துவிடும். இன்னொரு சின்ன விஷயம்: கேள்வி எழுதுகிறவர்கள் தங்களை அறியாமலே சரியான விடையை மற்றவற்றைவிட நீளமாக எழுதிவிடுவார்கள். பிள்ளைகள் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது பலரும் செய்யாத வேலை. ஏமாற்று அல்லாத சம்பவங்களையும் வினாத்தாளில் சேர்க்க வேண்டும். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதே" என்பது நாம் சொல்லிக்கொடுக்கும் விதி. ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று போனுக்கு வந்த எண்ணைக் கேட்கிறார், அம்மா சொல்கிறார். வாடகை ஆட்டோவை ஆப்பில் பிடித்தால் ஏறும்போது ஓட்டுநரிடம் எண்ணைச் சொல்கிறோம். பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டில் தினமும் மீறப்படும் விதியை அவர்கள் மேடை விதியாகவே வைத்துக்கொள்வார்கள். ஆகவே இரண்டாவது கேள்வி இப்படி இருக்கலாம்: அம்மா நேற்று சிலிண்டர் புக் செய்தார், 'கேஸ்காரர் வந்தால் மெசேஜில் இருக்கும் நம்பரைச் சொல்லு' என்று உன்னிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருக்கிறார், கேஸ்காரர் சிலிண்டரோடு வாசலில் நிற்கிறார். இங்கே எண்ணைச் சொல்வதுதான் சரி.

இந்தக் கேள்வி இல்லாமல் முகாமின் பக்கவிளைவு தெரியாது. ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். நாற்பது பேர் கொண்ட ஏழாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் கேள்விக்கு முன்பு 18 பேர் சரி, பின்பு 30 பேர். கேஸ் கேள்விக்கு முன்பு 31, பின்பு 24. இரண்டையும் கூட்டினால் 49 என்பது 54 ஆகியிருக்கிறது. மொத்த மதிப்பெண் உயர்ந்தது என்று எழுதிவிடலாம், பொய்யும் இல்லை. ஆனால் நடந்தது வேறு: பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எதைக் கண்டாலும் "மாட்டேன்" என்று சொல்லக் கற்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சந்தேகப்படுவது பாதுகாப்பு மாதிரி தெரியும். ஆனால் கேஸ்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளை, அடுத்த தடவை விதியையே தூக்கிப் போட்டுவிடும்.

எண்ணிக்கையும் முழுக்கதையைச் சொல்லாது. பேங்க் கேள்வியில் 18 என்பது 30 ஆனது என்றால், 12 பேர் மாறினார்கள் என்று தோன்றும். அதே பிள்ளையின் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், 15 பேர் தவறிலிருந்து சரிக்கு வந்திருக்கலாம், 3 பேர் சரியிலிருந்து தவறுக்குப் போயிருக்கலாம். அந்த மூன்று பேரைக் குழப்பியது எது என்று பார்ப்பது அடுத்த வகுப்புக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை. இரண்டு தடவையும் தவறாகவே எழுதிய 7 பேர் எந்த விடையைத் தேர்ந்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். ஏழு பேருமே 'எந்த பேங்க் என்று கேட்பேன்' என்பதை டிக் செய்திருந்தால், பேச்சில் விடுபட்ட ஒரு வாக்கியம் கையில் கிடைத்துவிட்டது.

இதற்குத் தாள்களை ஜோடி சேர்க்க வேண்டும், பெயர் இல்லாமல். சில முகாம்களில் 'அம்மா பெயரின் முதல் எழுத்து, உன் பிறந்த தேதி' என்று ரகசியக் குறியீடு எழுதச் சொல்கிறார்கள். சொந்த விவரங்களை யாருக்கும் தராதே என்று பேச வந்தவர்கள் முதல் காரியமாக அதைத்தான் கேட்கிறார்கள்! வருகைப் பதிவேட்டு எண் போதும். பெயர்ப் பட்டியல் வகுப்பாசிரியரிடமே இருக்கட்டும், திருத்துகிறவர்கள் எண்ணை மட்டும் பார்த்தால் போதும். தாளில் அச்சடிப்பது நல்லது. கூகுள் ஃபார்ம் என்றால் போன் இருக்கும் பிள்ளைகள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பதால், கேள்வியை ஒருவர் உரக்கப் படித்துக்காட்டட்டும். இல்லாவிட்டால் நாம் அளப்பது வாசிப்புத் திறனை.

இந்தத் தாளில் "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எண் போட்ட தாளில் ஒரு பிள்ளை ஆம் என்று எழுதிவிட்டால், அதன் பிறகு நாம் பார்வையாளர்கள் அல்ல. பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்க வேண்டிய கடமை இருக்கிறது. தலைமையாசிரியரோடு பேசி, யாரிடம் போவது என்று முன்பே முடிவு செய்யாமல் முகாமுக்குப் போகவே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பணமோசடி என்றால் 1930, புகார் செய்ய cybercrime.gov.in. இவற்றைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதவைத்துவிடலாம்.

முதல் சுற்றை முகாமன்றே வைக்காமல் மூன்று, நான்கு நாள் முன்னால் வையுங்கள். விடைகளைச் சொல்லாதீர்கள். அந்த நாட்களில் தாள்களைத் திருத்திப் பார்த்தால் பேச்சு மாறிவிடும். இலவச டயமண்ட் லிங்க்கைப் பாதிப் பேர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் அதற்கு ஐந்து நிமிடம் போதும், மிச்ச நேரம் போன் அழைப்புக்கு. அதிலும் விளக்கத்தைவிட நடித்துப் பார்ப்பது பலன் தரும். ஒரு பையன் பேங்க்காரராகப் பேசுகிறான், ஒரு பெண் பதில் சொல்கிறாள்: "அம்மா வந்ததும் பேசச் சொல்றேன் அங்கிள்." அவன் விடமாட்டான்: "அம்மா வர்றதுக்குள்ள பணம் போயிடும்மா!" அவசரப்படுத்துவதுதான் அடையாளம் என்பது அப்போது தானாகவே வெளியே வரும். மரியாதையாகப் போனை வைக்கும் அந்த ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லிப் பழகுவது தேவை. பெரியவர் பேசும்போது போனை வைக்கக் கூடாது என்று நாம்தானே அவர்களை வளர்த்திருக்கிறோம்.

இரண்டாம் சுற்றில் அதே கேள்விகளைக் கொடுத்தால் ஞாபகத்தால் எழுதுவார்கள். கதையை மாற்றி இன்னொரு தாள் வேண்டும்: பேங்க்காரருக்குப் பதில் ஸ்காலர்ஷிப் ஆபீஸ், கார்டுக்குப் பதில் 'பணம் வர க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடு'. (யூபிஐயில் பணம் பெற பின் தேவையே இல்லை என்பதைப் பல பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.) இரண்டாவது தாள் தற்செயலாக எளிதாக அமைந்துவிட்டால் கணக்கு ஏமாற்றும். அதற்கு ஒரு வழி உண்டு: முதல் சுற்றில் வகுப்பில் பாதிப் பேருக்கு அ தாள், மீதிப் பேருக்கு ஆ தாள், அடுத்த சுற்றில் மாற்றிக் கொடுங்கள். அந்த வாரம் டிவியில் மோசடிச் செய்தி ஓடியதால்கூட விடைகள் மாறலாம். பி பிரிவுக்கு இரண்டு சுற்றையும் ஏ பிரிவோடு சேர்த்து நடத்தி, முகாமை மட்டும் ஒரு வாரம் தள்ளி வைத்தால் அதுவும் தெரிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

முகாம் முடிந்த பத்தாவது நிமிடத்தில் வைக்கும் தேர்வை மட்டும் நம்ப முடியாது. நெதர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில், போலி மின்னஞ்சலைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. பயிற்சிக்குப் பின் மதிப்பெண் 14 சதவீதம் உயர்ந்தது. சில வாரம் கழித்துத் திரும்பச் சோதித்தபோது, போலியைக் கண்டுபிடிக்கும் திறன் மறுபடி இறங்கியிருந்தது. ஆகவே ஒரு மாதம் கழித்து மூன்றாவதாக ஒரு சுற்று வேண்டும், இடையில் பெரிய விடுமுறை வராத மாதமாகப் பார்த்து. அதற்கு முழு முகாமும் தேவையில்லை. காலை வழிபாட்டுக்குப் பின் பத்து நிமிடம், மூன்று கேள்வி. மதிப்பெண் இறங்கியிருந்தால் அதே இடத்தில் போன் நாடகத்தை இன்னொரு முறை நடத்திவிட்டு, அறிக்கையில் மூன்று எண்களையும் எழுதுங்கள்: முன்பு, அன்று, ஒரு மாதம் கழித்து. பக்கத்திலேயே கேஸ்காரர் கேள்வியின் எண்களும் தனி வரியில் இருக்கட்டும்.